நாலு படிக்கு இருபது அடிச் சாய்வு: தொடர்மாடி வாசலில் அம்மாவின் கதிரை ஏற என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்தில் ஆறு வீடுகள் உள்ள தொடர்மாடியில் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. போன வருடம் விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்தது. வீட்டுக்குள் வோக்கர் பிடித்து நடப்பா, கிளினிக்குக்குப் போக சக்கர நாற்காலி வேண்டும். வாசலில் நாலு படி, ஒவ்வொன்றும் 6 அங்குலம், பிடிக்க ஒன்றும் இல்லை. மேல்படி 6 அடி அகலம், 3 அடி ஆழம், பிறகு இழுத்து மூடும் இரும்புக் கேற். கட்டடத்துக்கும் வீதி மதிலுக்கும் இடையில் 20 அடி. படியிலிருந்து இடப்பக்க மதில்வரை 18 அடி, அந்த மதிலோடு மோட்டார்சைக்கிள்கள் நிற்கும். மழைத்தண்ணீர் வலப்பக்க வாய்க்காலுக்கு ஓடும். சாய்வுப்பாதையும் கைபிடியும் வேண்டுமென்று தொடர்மாடி நிர்வாகக் குழுவிடம் கேட்டேன். படிக்கு மேலேயே 6 அடிக்குச் சீமெந்து சரித்துப் போடலாம், அதற்கு மேல் இடம் இல்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம். ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அந்த 6 அடிச் சரிவு இப்போது இருக்கிற நாலு படியைவிட ஆபத்தானது. ஏன் என்று நீங்கள் குழுவுக்கு விளக்க வேண்டியிருக்கும், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

நாலு படி சேர்ந்து 24 அங்குல உயரம். அதை 6 அடியில், அதாவது 72 அங்குலத்தில் இறக்கினால் ஒன்றுக்கு மூன்று என்ற சாய்வு வரும். அம்மா 60 கிலோ, கதிரை 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 78 கிலோ. அந்தச் சரிவில் கதிரையை மேலே தள்ளுகிறவர் கிட்டத்தட்ட 25 கிலோ பாரத்தைத் தூக்குகிற அளவு பலத்தை விடாமல் கொடுக்க வேண்டும், இடையில் கை தளர்ந்தால் கதிரை அவரையும் சேர்த்துக் கீழே கொண்டு வரும். இறங்கும்போது இன்னும் மோசம். கதிரை முகப்பக்கமாகச் சரியும், அடியில் தரையோடு சேருகிற மடிப்பில் கால் வைக்கும் தகடு முட்டி நிற்கும், அம்மா முன்னால் எறியப்படுவா. இடுப்பில் ஏற்கனவே சத்திரசிகிச்சை செய்த ஒருவருக்கு இன்னொரு விழுகை எப்படி முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்கு மேல், படியையும் மூடிவிடுவதால் நடந்து போகிற மற்ற ஐந்து வீட்டுக்காரருக்கும் மழை நாளில் அது சறுக்கு மரம்தான்.

பல நாடுகளிலும் பின்பற்றப்படும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 1 அங்குலம் உயர 12 அங்குலம் ஓட வேண்டும், அதாவது எத்தனை அங்குல உயரமோ அத்தனை அடி நீளம். அந்தச் சாய்வில் அதே 78 கிலோவைத் தள்ள ஆறரைக் கிலோ அளவு பலம் போதும். நீங்கள் ஒருவரே தள்ளலாம், நடுவில் நிற்கவும் முடியும்.

அப்படியென்றால் 24 அடி வேண்டும், இடம் இல்லை என்று குழு சொல்லும். அங்கேதான் அளவு நாடாவை எடுக்க வேண்டும், ஏனென்றால் படியை எண்ணிக் கிடைக்கிற உயரம் சாய்வுப்பாதைக்குரிய உயரம் இல்லை. பாதையின் அடி எந்த இடத்தில் தரையைத் தொடுகிறதோ அந்த இடத்துத் தரைக்கும் மேல்படிக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. உங்கள் முற்றத்துத் தண்ணீர் வலப்பக்க வாய்க்காலுக்கு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இடப்பக்கம் உயரமாக இருக்கிறது. எவ்வளவு என்று அறிய, மேசன்மார் வைத்திருக்கிற தண்ணீர் மட்டக் குழாயை ஒரு பின்னேரம் பிடித்துப் பாருங்கள். குழாயின் ஒரு முனையை மேல்படியிலும் மற்றதை இடப்பக்க மதிலடியிலும் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து கீழே அளந்தால் வித்தியாசம் வந்துவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பிழைக்கும், அதை மட்டும் தட்டி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள்.

அந்த இடம் படியடியைவிட 4 அங்குலம் உயரம் என்று வைத்துக்கொள்வோம், 18 அடி தூரத்தில் அது வழமையாக வரக்கூடிய வித்தியாசம்தான். அப்போது ஏற வேண்டியது 20 அங்குலம், பாதை 20 அடி. உங்கள் இடத்தில் அது இப்படி அமையும். மேல்படியிலிருந்து இடப்பக்கம் திரும்பி, உங்கள் வீட்டு முன்சுவரை ஒட்டி 12 அடி போனால் 12 அங்குலம் இறங்கியிருக்கும். அங்கே மூலையில் 5 அடிக்கு 5 அடி மட்டமான தளம். இதுவரை 17 அடி, உங்களிடம் 18 இருக்கிறது. அந்தத் தளத்தில் கதிரையைத் திருப்பி, மதிலோடு வீதிப் பக்கமாக 8 அடி போனால் மிச்ச 8 அங்குலமும் இறங்கி முடியும். கட்டடத்திலிருந்து வீதி மதிலை நோக்கிப் பார்த்தால் 5 அடித் தளமும் 8 அடிச் சரிவும் சேர்ந்து 13 அடி, மிச்சம் 7 அடி இருப்பதால் கீழே கதிரை நின்று திரும்பவும் இடம் உண்டு. பாதையின் அடி வளவுக்குள்ளேயே முடிய வேண்டும், வீதியில் ஓர் அங்குலம்கூடப் போகக் கூடாது.

உங்கள் அளவில் 4 அங்குலத்துக்குப் பதிலாக 2தான் வந்தால் பாதை 22 அடி, இரண்டாவது பகுதி 10 அடியாகும், அதற்கும் இடம் இருக்கிறது. வித்தியாசமே இல்லாவிட்டால் இரண்டாவது பகுதி 12 அடி, கீழே 3 அடிதான் மிஞ்சும். அப்போது கதிரை அங்கே நின்று திரும்ப முற்றத்துப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும், அந்த இடத்தில் ஒரு வாகனமும் நிற்கக் கூடாது.

இந்த அமைப்பில் எல்லோரும் மறக்கிற இடம் மேல்படி. 3 அடி ஆழம் நடந்து போகிறவருக்குப் போதும். பக்கவாட்டில் வருகிற கதிரை அங்கே நின்று கேற்றுக்குத் திரும்ப 5 அடி வேண்டும். ஆகவே மேல்படியை முன்னால் 2 அடி நீட்டி, நாலு படியையும் அதற்கு முன்னால் புதிதாகக் கட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் பாதையை மட்டும் கட்டி முடித்தால் அம்மா மேலே வந்து கேற் முன்னால் குறுக்காக மாட்டி நிற்பா, பிறகு கதிரையை முன்னும் பின்னும் தூக்கி வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். கேற் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தையும் பாருங்கள். அது தரையிலிருந்து ஓர் அங்குலம் நிமிர்ந்து நின்றால் முன் சின்னச் சில்லு அதில் அடித்து நிற்கும். மேல்படிக்குப் பூச்சுப் போடும்போது அந்தத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஓரடி தூரத்துக்கு மெல்லச் சரித்து அதன் உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் சரி.

மோட்டார்சைக்கிள்களைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். பாதை வந்தால் மதிலோரத்து இடம் போகும், அது உண்மை, அதைச் சொல்லாமல் கேட்டால் வேலை தொடங்குகிற அன்றைக்குச் சண்டை வரும். வலப்பக்கத்தில் எத்தனை நிறுத்தலாம் என்று நீங்களே சோக்கால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் குறித்த படத்தோடு கூட்டத்துக்குப் போங்கள். என் அனுபவத்தில் “இடம் இல்லை” என்று சொல்கிற குழுக்களில் பாதிக்கு மேல், படம் மேசையில் விரிந்த பிறகு இடத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுச் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கும். அது முன்னேற்றம்தான்.

இனி நீங்கள் கேட்ட முறையைப் பற்றி ஒரு சொல். சாய்வுப்பாதையும் கைபிடியும் ஒரே கோரிக்கையாகப் போனதால் இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டன. பிரித்துக் கேளுங்கள். கைபிடி இரண்டு நாள் வேலை, யாருடைய இடத்தையும் எடுக்காது, மற்ற வீட்டு வயதானவர்களும் பிடிப்பார்கள், அதைப் பொது நிதியில் செய்ய எவருக்கும் மறுப்பு இருக்கக் காரணம் இல்லை. அதோடு, வோக்கரோடு நடக்கிற அம்மாவுக்குப் படி முழுதாக மூடப்படக் கூடாது, ஏனென்றால் நடக்கக்கூடிய நாட்களில் இருபது அடிச் சரிவைவிட இரண்டு பக்கமும் பிடி உள்ள நாலு படி அவவுக்கு இலகுவாக இருக்கலாம். அதை அவவின் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபிடி ஒரு பக்கம் போதும் என்பார்கள். போதாது. இடது இடுப்பு பலமில்லாத அம்மா வலக்கையால் பிடிக்கத்தான் விரும்புவா. ஏறும்போது வலக்கைக்கு வருகிற கைபிடி, இறங்கும்போது இடக்கைப் பக்கம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் போய்வருகிற பயணத்தில் பாதிக்கு அது உதவாது.

குழாய் வாங்கும்போது ஒரு சின்ன விசயம். வெல்டிங்காரர் வழமையில் இரண்டு அங்குல ஜீஐ குழாயை எடுப்பார், பார்க்கப் பலமாக இருக்கும், ஆனால் வயதான அம்மாவின் விரல்கள் அதைச் சுற்றி மூடாது, கை மேலே வைத்தபடி வழுக்கும். ஒன்றேகால் அங்குலக் குழாய் என்று கேளுங்கள். அந்தப் பெயர் உள்விட்டத்தைக் கொண்டு வந்தது, வெளியே அளந்தால் 42 மில்லிமீற்றர் வரும், அதுதான் கைக்கு அடங்குகிற அளவு. உயரம் படியின் முன்விளிம்பிலிருந்து 34 முதல் 38 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அம்மாவை வழமையாகப் போடுகிற செருப்போடு நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்புவரை அளந்து பாருங்கள். கூனல் காரணமாக அது 34க்குக் குறைந்தால் பொதுக் கைபிடியை இறக்காமல், அவவின் அளவில் கீழே இரண்டாவது குழாய் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். சுவர் இருக்கிற பக்கத்தில் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் விடாவிட்டால் விரல் முட்டி தேயும்.

கைபிடி கடைசிப் படியோடு நிற்கவே கூடாது. மேலும் கீழும் ஓரடி நீண்டு போய், நுனி கீழ்நோக்கியோ சுவர்ப் பக்கமோ வளைந்து முடிய வேண்டும். கால் தரையைத் தொட்ட அந்தக் கணத்தில்தான் தள்ளாட்டம் வருகிறது, அப்போது கைக்குள் ஏதாவது இருக்க வேண்டும். பூட்டுகிற முறையும் கவனம். படிகள் பிறகு முன்னால் நகரப் போவதால் தூணை இப்போது கொங்கிறீட்டில் புதைக்க வேண்டாம், அடித்தகடு வைத்து போல்ட்டால் பூட்டச் சொன்னால் கழற்றி மாற்றலாம். ஆனால் முதலில் படியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் மேலே பூச்சு மட்டும்தான், போல்ட் நிற்காது. அப்படியென்றால் தூணைப் படிக்குப் பக்கத்தில் நிலத்தில் ஓரடிக் குழி வெட்டிக் கொங்கிறீட்டில் நிறுத்துவதே பாதுகாப்பு. பூட்டி முடிந்ததும் நல்ல பாரமான ஒருவர் முழு உடம்பையும் சாய்த்துப் பார்க்கட்டும். கொஞ்சம் ஆடினாலும் விடக் கூடாது. எங்கள் உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது வெல்டிங் பண்ணிய மூட்டில், ஏனென்றால் அங்கே துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். அந்த மூட்டுகளைத் தேய்த்து சிங்க் பெயின்ற் அடித்த பிறகுதான் மேல் வர்ணம்.

அனுமதி. உங்கள் கட்டடம் கூட்டாதனமாகப் பதிவானது என்றால் வாசலும் முற்றமும் பொதுப் பகுதி, எல்லா உரிமையாளருக்கும் பிரிக்காத பங்கு உண்டு, அதை நிர்வகிப்பது முகாமைத்துவக் கழகம். உங்கள் வீட்டு முன்சுவரை ஒட்டிப் போனாலும் நீங்கள் தனியாகக் கட்ட முடியாது, கூட்டத் தீர்மானம் எழுத்தில் வேண்டும். பதிவில்லாமல் ஒரே உரிமையாளர் வாடகைக்கு விட்டதென்றால் அவருடைய கடிதம் போதும். எதுவானாலும் வேலைக்கு முன் மாநகர சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் படத்தைக் காட்டி, அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள், வீதிக் கோட்டுக்குள் ஏதாவது வருகிறதா என்று அவர் பார்ப்பார்.

சட்டத்தைக் காட்டிப் பயப்படுத்தலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஆனால் அவை முக்கியமாகப் பொதுமக்கள் வந்து போகும் கட்டடங்களைப் பற்றியவை. ஆறு வீட்டுத் தொடர்மாடியின் வாசலில் அதை வைத்து மிரட்டினால் அயலவரோடு முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும், பலனும் நிச்சயம் இல்லை. அளவுகளுக்கு ஓர் ஆதாரமாகச் சொல்லுங்கள், அதோடு விடுங்கள். பதிவான கூட்டாதனமாக இருந்து, குழு பதிலே தராமல் இழுத்தடித்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு முறையிட வழி உண்டு, அது கடைசிப் படி.

குழுவுக்கு எழுதுகிற கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

“கீழ்த்தளத்தில் வசிக்கும் என் தாயார் சக்கர நாற்காலியும் வோக்கரும் பயன்படுத்துபவர். இரண்டு விடயங்களைத் தனித்தனியாகத் தீர்மானிக்கும்படி கேட்கிறேன். முதலாவது, வாசற்படியின் இரு பக்கமும் கைபிடி பூட்டுதல். இது அனைவரும் பயன்படுத்துவது என்பதால் பொது நிதியிலிருந்து செய்யக் கோருகிறேன். இரண்டாவது, இணைத்துள்ள படத்தின்படி இடப்பக்கத்தில் 1:12 சாய்வில் பாதை அமைத்தல். இதனால் இடப்பக்க மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடம் இல்லாமற்போகும். மாற்று இடம் படத்தில் குறிக்கப்பட்டுள்ளது. மேசனின் மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது. செலவில் எங்கள் பங்கைப் பேசத் தயார். படிக்கு மேல் 6 அடியில் சரிவு போடும் யோசனை 1:3 சாய்வாக வருவதால் பாதுகாப்பற்றது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்துக் கூட்டக் குறிப்பில் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

செலவை முழுதாக நீங்களே போடுகிறேன் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டாம். அப்படிக் கட்டியது பிறகு “உங்கட பாதை” ஆகிவிடும், வெடித்தால் திருத்துவதும் உங்கள் தலையில்தான் விழும். பங்கு கொடுங்கள், ஆனால் பராமரிப்பு பொதுப் பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதுவியுங்கள்.

வேலை நடக்கும்போது மேசனிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு பக்கமும் கல் கட்டி நடுவில் நிரப்புகிற மண்ணை 6 அங்குலம் 6 அங்குலமாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும், கிடங்கு வெட்டிய தோட்டத்து மண்ணை அப்படியே கொட்டினால் முதல் மாரிக்குப் பிறகு அது இறங்கும். மேல்படியோடு பாதை சேருகிற இடத்தில் கால் அங்குல விளிம்பு தெரியத் தொடங்கினால் இறங்குகிறது என்று அர்த்தம். பாதை நாலடி அகலம் இருக்கட்டும், திறந்த பக்கத்தில் 3 அங்குல உயரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும், முன் சில்லு வெளியே போகாமல் அதுதான் தடுக்கும். இரண்டு பக்கமும் கைபிடி இங்கேயும் உண்டு, அவற்றுக்கு இடையில் குறைந்தது 3 அடி தெளிவாக இருக்க வேண்டும். ரைல்ஸ் ஒட்டுவதை அழகுக்காகச் சொல்வார்கள், ஒட்ட விடாதீர்கள். கொங்கிறீட் இறுகத் தொடங்கும் நேரத்தில் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்காக, அதாவது ஏறுகிற திசைக்குக் குறுக்கே, கோடு இழுத்தால் போதும். ஐப்பசி மழையில் சில்லும் செருப்பும் அதில் பிடிக்கும். தண்ணீர் கட்டடச் சுவருக்குப் போகாமல் முற்றப் பக்கம் ஓட, அகலத்தில் அடிக்குக் கால் அங்குலம் மட்டும் சரிவு விடலாம், அதைக் கூட்டினால் கதிரை ஒரு பக்கமாக இழுக்கும்.

இதெல்லாம் நடக்கும்வரை அம்மாவைப் படியில் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஏறும்போது கதிரையின் முதுகுப் பக்கம் படியை நோக்கி இருக்கட்டும். பலமானவர் மேலே நின்று கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, பெரிய சில்லைப் படியின் விளிம்பில் உருட்டி ஒவ்வொரு படியாக இழுப்பார். மற்றவர் கீழே நின்று கதிரையின் சட்டத்தைப் பிடிப்பார். கை வைக்கும் பகுதியையோ கால் தகட்டையோ பிடிக்க விடாதீர்கள், பல கதிரைகளில் அவை கழன்று கையோடு வரும். இறங்கும்போதும் பலமானவர் மேலேதான், கதிரை பின்னால் சாய்ந்தபடி ஒவ்வொரு படியாக. தனி ஆளாக முயலவே வேண்டாம், ஓட்டோக்காரர் அவசரப்படுத்தினாலும்.

பாதை முடிந்து கொங்கிறீட் இறுகிய பிறகு, அம்மாவை ஏற்றுவதற்கு முன் கதிரையில் ஒரு மூட்டைச் சீமெந்தைக் கட்டி வைத்து நீங்களே மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். 50 கிலோதான் என்றாலும் எங்கே இழுக்கிறது, எந்த விளிம்பில் தடுக்கிறது, மூலைத் தளத்தில் ஒரே திருப்பலில் திரும்புகிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மேசன் அங்கே நிற்கும்போதே இதைச் செய்யுங்கள், கடைசிக் கூலி கொடுப்பதற்கு முன்.